வணிக ஒப்பந்தத்தில் வரையறைப் பிரிவை எழுதுவது எப்படி: ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்

ஒப்பந்த வரைவு ஒன்று சரிபார்க்க வந்தால் நான் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. பணம் எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவுக்கு நேராகப் போவேன். அங்கே நாளையோ தொகையையோ தீர்மானிக்கும் ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்கு வரையறைப் பிரிவில் என்ன பொருள் தந்திருக்கிறார்கள், மற்ற பிரிவுகளில் அதே பொருளில்தான் வருகிறதா என்று பார்ப்பேன். பத்து நிமிடத்தில் வரைவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போவோம். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு வருடம் முழுக்க அட்டைப் பெட்டிகள் வழங்குகிறது. பழைய மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எடுத்து, பெயர்களை மாற்றி, வரைவு தயாரித்திருக்கிறார்கள். அதில் மூன்று வரிகள் இப்படி இருக்கின்றன:

பிரிவு 4: "ஆர்டர் கிடைத்த 10 நாட்களுக்குள் விற்பவர் டெலிவரி செய்ய வேண்டும்."

பிரிவு 6: "டெலிவரி ஆன 30 நாட்களுக்குள் வாங்குபவர் பணம் செலுத்த வேண்டும்."

பிரிவு 9: "டெலிவரியிலிருந்து 90 நாட்களுக்குப் பெட்டிகளின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பு."

படிக்கும்போது எதுவும் உறுத்தவில்லை. ஆனால் நான்காவது பிரிவை எழுதியவர் மனதில், லாரி தன் கிடங்கை விட்டுக் கிளம்புவதுதான் டெலிவரி. ஆறாவது பிரிவை வாசிக்கும் வாங்குபவரின் கணக்குப் பிரிவு, பெட்டிகளை எண்ணி, பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் டெலிவரி முடிந்தது என்று நினைக்கிறது. ஒன்பதாவது பிரிவுக்கு இறக்கி வைத்த நாள்தான் பொருத்தம். லாரி மார்ச் 2, திங்கள்கிழமை கிளம்புகிறது. மார்ச் 6, வெள்ளிக்கிழமை சரக்கு இறங்குகிறது. மார்ச் 13, வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு முடிகிறது. பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 1-ஆ, 5-ஆ, 12-ஆ? மூன்றுக்கும் நியாயம் சொல்ல முடியும். தாமதத்துக்கு வட்டி உண்டு என்று வேறொரு பிரிவு சொன்னால், அந்த 11 நாள் வித்தியாசம் ஒவ்வொரு பில்லிலும் திரும்பத் திரும்ப வரும்.

## பட்டியல் முதலில், வரையறை கடைசியில்

வரையறைப் பிரிவு ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் வருகிறது என்பதற்காக அதை முதலில் எழுத உட்காராதீர்கள். அப்படி எழுதினால் தேவையில்லாத சொற்களுக்கெல்லாம் வரையறை வந்து சேரும், தேவையானது விட்டுப்போகும். முதலில் பணம், நாள், பொறுப்பு, முடிவு ஆகிய பிரிவுகளைச் சாதாரண மொழியில் எழுதுங்கள். எழுதும்போதே, தகராறு வந்தால் எதிர்த்தரப்பு எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கும் என்று யோசித்து, அந்தச் சொல்லை ஒரு தனித் தாளில் குறித்துக்கொண்டே போங்கள். இந்தப் பிரிவுகள்தான் ஒப்பந்தத்தின் உடல். உடல் முழுதும் எழுதி முடித்த பிறகு அந்தத் தாளை எடுத்து வைத்து வரையறைகளை எழுதலாம்.

தாளில் இருக்கும் எல்லாச் சொல்லுக்கும் வரையறை வேண்டியதில்லை. நான் இரண்டு கேள்வி கேட்பேன். இந்தச் சொல் ஒரு தடவைக்கு மேல் வருகிறதா? வழக்கமான பொருளிலிருந்து விலகியோ, அதை விடக் குறுகலாகவோ இதைப் பயன்படுத்துகிறோமா? இரண்டுக்கும் ஆம் என்றால் வரையறைப் பிரிவில் சேர்க்கலாம். ஒரே ஒரு பிரிவில் மட்டும் வரும் சொல்லை அந்த இடத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. படிப்பவர் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அலைய வேண்டாம். "லாரி" என்றால் என்ன என்று எழுதி வைத்த ஒப்பந்தத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதே ஒப்பந்தத்தில் "குறைபாடு" என்றால் என்ன என்று ஒரு வரி கூட இல்லை.

வழக்கமான பொருளே போதும் என்று விட்டுவிடுவதற்கும் விலை உண்டு. 1960-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்த ஃப்ரிகாலிமென்ட் வழக்கு ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்கள் பலருக்கும் பழக்கமானது. ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்று உறைந்த கோழிகள் வாங்க ஒப்பந்தம் போட்டது. வந்தவற்றில் பல, குழம்புக்கு மட்டுமே ஆகும் முற்றிய கோழிகள். "கோழி என்றால் இளங்கோழிதான்" என்றது வாங்கிய தரப்பு. "கோழி என்றால் எந்தக் கோழியும்தான்" என்றது விற்ற தரப்பு. ஒப்பந்த வாசகம், கடிதப் போக்குவரத்து, வியாபார வழக்கம், சந்தை விலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்த நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி, குறுகிய பொருளில்தான் அந்தச் சொல் பயன்பட்டது என்பதை வாங்கியவர் நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். ஒரு சொல்லைக் குறுகலான பொருளில் நினைத்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால், அதை எழுதி வைக்க வேண்டிய தேவையும் உங்களுடையதுதான்.

## பெயர் வைப்பது

நம் உதாரணத்தில் "டெலிவரி" என்ற ஒற்றைச் சொல்லை உடைத்து மூன்று நாட்களாக்க வேண்டும். மூன்றுக்கும் பெயர் வேண்டும். தமிழில் எழுதும் ஒப்பந்தத்துக்கே உரிய சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஆங்கில ஒப்பந்தங்களில் வரையறுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதைப் பார்த்ததும் இது வரையறுத்த சொல் என்று புரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. "சரக்கு" என்று எழுதினால் அது வரையறுத்த சரக்கா, பொதுவான சரக்கா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேறொரு அடையாளம் வேண்டும். வரையறுத்த சொல்லைத் தடித்த எழுத்தில் போடுவது எளிது. அப்படியே செய்யப்போகிறோம் என்று, வரையறைகளுக்குக் கீழே வரும் பொருள்கொள்ளும் விதிகளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது: ஏதாவது ஓரிடத்தில் தடித்த எழுத்து விடுபட்டால், அது வேண்டுமென்றே விடப்பட்டது, அங்கே பொதுவான பொருள்தான் என்று வாதிட முடியும். அதனால் "தடித்த எழுத்து படிப்பவரின் வசதிக்கு மட்டுமே, அது இல்லாத இடத்திலும் வரையறை பொருந்தும்" என்று சேர்த்துவிடுவது நல்லது. அப்படிச் சேர்த்துவிட்டால், வரையறுத்த சொல்லைப் பொதுப்பொருளில் எங்கேயும் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு உங்கள் மேல் விழும். அதுவும் நல்லதுக்குத்தான்.

அடுத்தது வேற்றுமை உருபு. ஒப்பந்தம் என்ற சொல் ஒப்பந்தத்தை, ஒப்பந்தத்தின் என்று மாறும்போது மகர மெய் காணாமல் போகிறது. நாள் என்பது நாட்கள் ஆகிறது. பொருள் என்பது பொருட்கள் ஆகிறது. இதனால் பிற்பாடு கணினியில் தேடிச் சரிபார்க்கும்போது பாதி இடங்கள் தப்பிவிடும். போதாக்குறைக்கு, ஒப்பந்தத்தில் "பொருள்" என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ற பொருளும் உண்டு. "பொருளுக்குப் பொருள் கொள்ளும்போது" என்று ஒரு வரி வந்துவிட்டால் யாருக்கும் உதவாது. பெட்டிகளுக்கு நான் "சரக்கு" என்று வைப்பேன். சரக்கை, சரக்கின், சரக்குக்கு என்று எப்படி மாறினாலும் முன்பாதி மாறாமல் நிற்கும்.

ஒற்று மிகுவது மூன்றாவது. "சேவைக் கட்டணம்" என்று ஓரிடத்திலும் "சேவை கட்டணம்" என்று இன்னோரிடத்திலும் இருந்தால் மனிதனுக்கு இரண்டும் ஒன்று, தேடல் பெட்டிக்கு இரண்டும் வேறு. இரண்டு சொல் சேரும் பெயராக இருந்தால் வல்லினம் மிகாத சேர்க்கையைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

மூன்று நாட்களுக்கும் முதலில் "அனுப்பிய நாள்", "வந்த நாள்", "ஏற்ற நாள்" என்று வைத்துப் பார்த்தேன். மூன்றாவது என்னை உறுத்தியது. "ஏற்ற" என்பதை ஒப்புக்கொண்ட என்றும் படிக்கலாம், பொருத்தமான என்றும் படிக்கலாம். லாரியும் சரக்கும் பேசும் ஒப்பந்தத்தில், அவசரமாகப் படிப்பவர் "ஏற்றிய நாள்" என்றே எடுத்துக்கொள்வார். அது அனுப்பிய நாளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கடைசியில் அனுப்பும் நாள், வருகை நாள், ஒப்புதல் நாள் என்று முடிவு செய்தேன். பெயரைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். வரையறையைப் பார்க்காதவர் அந்தப் பெயரை வைத்து என்ன ஊகிப்பார்? அந்த ஊகம் வரையறைக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். "வேலை நாள்" என்று பெயர் வைத்துவிட்டு அதில் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்ப்பது சட்டப்படி முடியும், ஆனால் படிப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுவார்கள்.

## வாக்கியத்தை எழுதுவது

வரையறை வாக்கியத்தின் முடிச்சு அதன் இணைப்புச் சொல்லில் இருக்கிறது. "என்பது" என்று எழுதினால் கதவை மூடுகிறீர்கள்: பின்னால் சொல்வது மட்டும்தான், வேறெதுவும் இல்லை. "உள்ளடக்கும்" என்று எழுதினால் கதவு திறந்தே இருக்கிறது: சொன்னவையும் சேரும், சொல்லாதவையும் சேரலாம். இரண்டையும் கலந்து "என்பது பின்வருவனவற்றை உள்ளடக்கும்" என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கதவு திறந்ததா மூடியதா என்று அதை எழுதியவருக்கே தெரியாது. "உட்பட", "போன்ற", "முதலிய" எல்லாம் திறந்த கதவுகள்தான். பணத்தையும் நாளையும் தீர்மானிக்கும் சொற்களுக்கு மூடிய வரையறை எழுதுங்கள். தகவல் பாதுகாப்பு போல வருங்காலத்தில் என்ன வரும் என்று முழுதும் ஊகிக்க முடியாத விஷயங்களுக்குத் திறந்த வரையறை பொருந்தும்.

நம் ஒப்பந்தத்தில் இரண்டு வரையறைகள்:

"வருகை நாள் என்பது, ஒரு ஆர்டருக்கு உரிய சரக்கு முழுவதும் வாங்குபவரின் கிடங்கில் இறக்கி வைக்கப்பட்டு, டெலிவரி சீட்டில் வாங்குபவரின் பணியாளர் கையெழுத்திட்ட நாள்."

"ஒப்புதல் நாள் என்பது பின்வரும் இரண்டில் முதலில் வருவது: (அ) சரக்கு சரியாக இருக்கிறது என்று வாங்குபவர் எழுத்தில் தெரிவித்த நாள், (ஆ) வாங்குபவர் குறை எதையும் எழுத்தில் தெரிவிக்காத நிலையில், வருகை நாளுக்குப் பிறகு வரும் ஐந்தாவது வேலை நாள்."

இரண்டாவது வரையறையில் (ஆ) எதற்கு? அது இல்லாவிட்டால், வாங்குபவர் வாயைத் திறக்காமல் இருந்தே பணம் கட்டும் நாளைத் தள்ளிக்கொண்டு போகலாம். சரி, குறை இருக்கிறது என்று அவர் எழுதிவிட்டால்? அப்போது (அ), (ஆ) இரண்டும் நடக்கவில்லை, ஒப்புதல் நாள் என்று ஒன்றே வராது. இந்த ஓட்டையை வரையறைக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். குறையுள்ள சரக்குக்குப் பதிலாக மாற்றுச் சரக்கு எத்தனை நாளில் வர வேண்டும், அதற்கு வருகை நாளும் ஒப்புதல் நாளும் புதிதாகக் கணக்கிடப்படும் என்பதை உடலில் ஒரு தனிப் பிரிவாக எழுத வேண்டும்.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது: வரையறைக்குள் கடமையை எழுதக் கூடாது. "ஒப்புதல் நாள் என்பது வாங்குபவர் 5 நாட்களுக்குள் சரிபார்த்து முடிக்க வேண்டிய நாள்" என்று எழுதினால், சரிபார்க்க வேண்டும் என்ற கடமை வரையறையில் ஒளிந்துவிடுகிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்று எந்தப் பிரிவும் சொல்வதில்லை. கிடங்கில் வேலை செய்பவர் தன் கடமைகளைத் தேடி வரையறைப் பிரிவைப் படிக்கப்போவதும் இல்லை. வரையறைகளை எழுதி முடித்ததும் அந்தப் பிரிவில் "வேண்டும்", "கூடாது" என்று வரும் இடங்களைப் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அந்த வரி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

## கணக்கு இருந்தால் அடைப்புக்குறி போடுங்கள்

தொகையைச் சொல்லும் வரையறையை வாக்கியமாக மட்டும் எழுதி விட்டுவிடுவது பெரிய ஆபத்து. பிரிட்டனில் சார்ட்புரூக், பெர்சிமன் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கில் 2009-இல், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான சார்ட்புரூக்குக்கு, வீடு கட்டி விற்கும் பெர்சிமன் கொடுக்க வேண்டிய கூடுதல் தொகைக்கு ஒரு வரையறை இருந்தது. சுருக்கமாகச் சொன்னால்: குறைந்தபட்ச மதிப்புக்கு மேல் கிடைக்கும் விற்பனை விலையில் 23.4%, செலவுகள் கழித்து. எதை எதிலிருந்து முதலில் கழிப்பது, 23.4% எதன் மேல் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஒரு தரப்பின் கணக்குப்படி சுமார் 45 லட்சம் பவுண்டு, இன்னொரு தரப்பின் கணக்குப்படி சுமார் 9 லட்சம் பவுண்டு.

சிறிய எண்களை வைத்துப் பார்த்தால் புரியும். விலை 200, குறைந்தபட்ச மதிப்பு 40, செலவு 10 என்று வைத்துக்கொள்வோம்.

```
வாசிப்பு 1: 23.4% × (200 − 40 − 10) = 35.10
வாசிப்பு 2: (23.4% × (200 − 10)) − 40 = 4.46
```

வாக்கியம் ஒன்றே, எண்கள் இரண்டு. விசாரணை நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முதல் வாசிப்பை ஏற்றன. பிரபுக்கள் சபை இரண்டாவதை ஏற்றது. அத்தனை நீதிபதிகளும் ஒரே வாக்கியத்தைத்தான் படித்தார்கள். அதனால் தொகைக்கான வரையறையில் சூத்திரத்தை அடைப்புக்குறியோடு எழுதி, கீழே ஒரு மாதிரிக் கணக்கும் போடுங்கள். சூத்திரமும் மாதிரியும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நான் சூத்திரமே செல்லும் என்று எழுதுவேன். பெட்டி ஒப்பந்தத்தில் இது "தாமதக் கழிவு" என்ற சொல்லுக்குத் தேவைப்படும்: சரக்கு தாமதமான ஒவ்வொரு முழு வாரத்துக்கும் ஆர்டர் மதிப்பில் 0.5%, மொத்தம் 5%-க்கு மேல் போகாது. "முழு" என்ற சொல் இல்லாவிட்டால் 8 நாள் தாமதம் ஒரு வாரமா, இரண்டு வாரமா என்று சண்டை வரும். ஆர்டர் மதிப்பு என்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதும் "ஆர்டர் மதிப்பு" வரையறையில் இருக்க வேண்டும்.

## பொருள்கொள்ளும் விதிகள்

வரையறைகளுக்குக் கீழே, ஒப்பந்தம் முழுவதையும் எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லும் பொது விதிகள் வரும். ஒருமை பன்மையையும் குறிக்கும், தலைப்புகள் வசதிக்கு மட்டும், சட்டத்தைக் குறிப்பிட்டால் பிற்காலத் திருத்தங்களும் சேரும் என்பவையெல்லாம் எல்லா மாதிரிகளிலும் இருக்கும். எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சட்டத் திருத்தம் வந்தால் உங்கள் தரப்பின் செலவு கூடுமானால், திருத்தங்களும் சேரும் என்ற வரி உங்களுக்கு எதிரானது.

நேரம் செலவிட வேண்டியது நாள் கணக்கில். மார்ச் 6-இலிருந்து 30 நாட்கள் என்றால் மார்ச் 6-ஐ முதல் நாளாக எண்ணுவதா? எண்ணினால் முடிவது ஏப்ரல் 4, எண்ணாவிட்டால் ஏப்ரல் 5. நம் உதாரணத்தில் ஏப்ரல் 5 ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் 12-உம் ஞாயிறு. கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளுமா? இதையெல்லாம் ஒரே விதியில் முடிக்கலாம்: "ஒரு நாளிலிருந்து கணக்கிடும் காலத்தில் அந்த நாளைச் சேர்க்கக் கூடாது, கடைசி நாளைச் சேர்க்க வேண்டும், கடைசி நாள் வேலை நாளாக இல்லாவிட்டால் அடுத்த வேலை நாள் வரை காலம் நீளும்."

இந்த விதி வந்ததும் "வேலை நாள்" என்ற வரையறையின் பாரம் கூடிவிடுகிறது. சனிக்கிழமை வேலை நாளா? மார்ச் 6 வெள்ளியில் சரக்கு வந்தால், சனி வேலை நாள் இல்லை என்ற கணக்கில் ஐந்தாவது வேலை நாள் மார்ச் 13. சனியும் வேலை நாள் என்றால் மார்ச் 12. இரு தரப்பும் வெவ்வேறு ஊரில் இருந்தால் யார் ஊர் விடுமுறை கணக்கில் வரும்? இரண்டு ஊரிலும் வங்கிகள் திறந்திருக்கும் நாள் என்று வைப்பது பணம் கொடுப்பவருக்கு வசதி. பணம் வாங்குபவர் ஒரே ஊரை வைத்துக்கொள்ளத்தான் விரும்புவார்.

இன்னொரு விதி, ஆவணங்களுக்குள் முரண்பாடு வந்தால் எது மேலே என்பது. உடல், இணைப்புகள், தனித்தனி ஆர்டர்கள் என்று வரிசையைச் சொல்லுங்கள். அப்புறம், "சூழல் வேறு பொருள் கேட்டால் தவிர" என்று வரையறைப் பிரிவின் தலையில் ஒரு தொடர் போடும் வழக்கம் இருக்கிறது. நான் அதை எடுத்துவிடவே பார்ப்பேன். கவனமாக எழுதிய வரையறைகளை எல்லாம் யார் வேண்டுமானாலும் அந்த ஒரு தொடரை வைத்துத் தட்டிக்கழிக்கலாம். விதிவிலக்கு தேவைப்படும் இடம் உண்மையிலேயே இருந்தால், அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு மொழியில் கையெழுத்தாகிறது என்றால் எந்த மொழி வாசகம் செல்லும் என்பதும் இங்கே வர வேண்டும். செல்லாத மொழி வாசகத்திலும் ஒரு சொல்லுக்கு ஒரே மொழிபெயர்ப்புதான் இருக்க வேண்டும். அங்கே ஒரே சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால், அந்தப் பிரதியை மட்டும் பார்த்து வேலை செய்யும் கிடங்கு ஊழியர் தவறு செய்வார்.

வரையறையால் முடியாதது ஒன்று உண்டு. ஒருவரைத் தனி ஒப்பந்ததாரர் என்று வரையறுத்துவிட்டால், ஊழியருக்குச் சட்டம் தரும் உரிமைகள் அவருக்கு இல்லாமல் போய்விடும் என்று நம்பி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நீதிமன்றம் தீர்மானிக்கும். விலக்க முடியாத சட்ட விதிகளுக்கு முன்னால் பெயர் மாற்றம் செல்லாது.

## சரிபார்ப்பு

நான் மூன்று தடவை வரைவைக் கடப்பேன், ஒவ்வொரு தடவையும் ஒரே வேலை.

முதல் தடவை, பதிலீடு. உடலில் வரையறுத்த சொல் வரும் இடத்தில் அதை எடுத்துவிட்டு வரையறை முழுவதையும் வைத்துப் படிப்பேன். "ஒப்புதல் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும்" என்ற வரி தாங்குகிறது. "சரக்கின் மாதிரியை ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்" என்று வேறொரு பிரிவில் வந்தது. இங்கே ஒப்புதல் என்பது அச்சுக்கு முன் டிசைனைப் பார்த்துச் சரி சொல்வது. அது வேறு. அதை "மாதிரிச் சம்மதம்" என்று மாற்றினேன்.

இரண்டாவது, தேடல். Ctrl+F-இல் முழுச் சொல்லையும் போடாமல் மாறாத முன்பாதியை மட்டும் போட வேண்டும். "ஒப்பந்த" என்று தேடினால் ஒப்பந்தமும் ஒப்பந்தத்தையும் இரண்டுமே கிடைக்கும். "வேலை நாள்" என்று தேடினால் வேலை நாட்கள் தப்பிவிடும். "வேலை நா" என்று தேடினால் சிக்கும். சேர்த்து எழுதிய "வேலைநாள்" இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இதோடு நிற்காமல், வரையறுத்த சொல்லுக்குப் பதிலாக நுழைந்திருக்கக்கூடிய அண்ணன் தம்பிகளையும் தேடுங்கள்: சரக்குக்குப் பெட்டி, பொருட்கள், உற்பத்தி, ஆர்டருக்குக் கொள்முதல் ஆணை, கோரிக்கை, டெலிவரிக்கு விநியோகம், வழங்கல். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் மாற்றி மாற்றி எழுதுவது பள்ளிக்கூடத்தில் பாராட்டு வாங்கித் தந்த பழக்கம். ஒப்பந்தத்தில் அதை விட்டொழிக்க வேண்டும். ஒரு தடவை நான் "சேவைக் கட்டணம்" என்று வரையறுத்துவிட்டு, உடலில் பதினோரு இடத்தில் வெறும் "கட்டணம்" என்று எழுதியிருந்தேன். எதிர்த்தரப்பு அந்தப் பதினொன்றிலும் வேறு கட்டணங்களும் அடங்கும் என்று கேட்டது. கையெழுத்துக்கு முன்பே தெரிந்ததால் தப்பித்தேன்.

மூன்றாவது, அநாதைகள். வரையறைப் பிரிவில் இருந்து உடலில் எங்குமே வராத சொற்கள் இருக்கும். பழைய மாதிரியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. அவற்றை நீக்குங்கள். உடலில் தடித்த எழுத்தில் இருந்து வரையறை இல்லாத சொற்களும் இருக்கும். அவற்றுக்கு வரையறை எழுதுங்கள், அல்லது தடித்த எழுத்தை எடுங்கள். கூடவே சுற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "சரக்கு என்பது ஆர்டரில் உள்ளவை", "ஆர்டர் என்பது சரக்குக்கான கோரிக்கை" என்று எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், வெளியே வர வழி இருக்காது. ஒன்றையாவது வெளியே கட்ட வேண்டும்: "சரக்கு என்பது இணைப்பு 1-இல் அளவும் தரமும் குறிப்பிடப்பட்ட அட்டைப் பெட்டிகள்."

கையெழுத்தான பிறகு குழப்பம் வரும் வாசல் ஆர்டர் படிவம். பல நிறுவனங்களின் ஆர்டர் படிவத்துக்குப் பின்னால் சிறிய எழுத்தில் அவர்களுடைய சொந்த நிபந்தனைகள் அச்சாகியிருக்கும். அதில் "டெலிவரி" என்று ஒரு வரையறையும் இருக்கும். முன்னுரிமை வரிசையில் ஆர்டர் கடைசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல், "ஆர்டர் என்பது இணைப்பு 2-இல் உள்ள படிவத்தில் அனுப்பப்படும் கோரிக்கை; படிவத்தில் அச்சிட்ட வேறு எந்த நிபந்தனையும் அதில் சேராது" என்று அந்தச் சொல்லின் வரையறையிலேயே கதவை மூடிவிடுங்கள். பிற்பாடு திருத்த ஒப்பந்தம் போட்டால் அதில் புதிதாக வரையறை எழுதாமல், "மூல ஒப்பந்தத்தில் வரையறுத்த சொற்களுக்கு இதிலும் அதே பொருள்" என்று தொடங்கி, மாறும் வரையறையை மட்டும் முழு வாசகமாகத் திரும்ப எழுதுங்கள். "மூன்றாவது வரியில் ஐந்து என்பதற்குப் பதில் ஏழு என்று வாசிக்கவும்" என்ற பாணியில் நான்கு திருத்தம் சேர்ந்துவிட்டால், ஒப்புதல் நாள் எது என்று கணக்குப் பிரிவுக்கு நான்கு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.